லீவு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள்: கையெழுத்தும் தேதியும் போட்ட நகலை வாங்குவது எப்படி

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. மார்ச் 9 முதல் 20 வரை 12 நாள் விடுப்பு கேட்டு, ஒரு வாரம் முன்னதாக மார்ச் 2ஆம் தேதியே எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் வாங்கிப் படித்தார், “சரி, போய்ட்டு வாங்க” என்றார், மேசை இழுப்பறையில் வைத்தார். நானும் கிளம்பிவிட்டேன். நான் ஊரில் இல்லாத அந்த இரண்டு வாரத்தில் அவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். 21ஆம் தேதி காலை வேலைக்குப் போனால் என் மேசையில் ஒரு மெமோ: “மார்ச் 9 முதல் தகவல் தெரிவிக்காமல் பணிக்கு வராதது குறித்து விளக்கம் தரவும்.” விண்ணப்பம் எங்கே என்று கேட்டேன். அந்த இழுப்பறை காலியாக இருந்தது.

12 நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். அது திரும்பக் கிடைக்க நாலு மாதம் ஆனது. அதுவும் மாறிப்போன அந்த மேற்பார்வையாளர் மனம் வைத்து, “ஆமாம், என்னிடம் கொடுத்தார்” என்று எழுதித் தந்ததால்தான். அவர் மறந்திருந்தாலோ, வேலையை விட்டே போயிருந்தாலோ எனக்கு வேறு வழியே இருந்திருக்காது. விண்ணப்பம் கொடுத்த அன்றே இன்னொரு தாளில் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அந்தக் கையெழுத்தை எப்படி வாங்குவது என்று படிப்படியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடுப்பு விஷயத்தில் கேள்விகள் இரண்டு. நீங்கள் தெரிவித்தீர்களா? அவர்கள் அனுமதித்தார்களா? விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தரும் ஒப்புகை நகல் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். அதை வைத்துக்கொண்டு “லீவு கிடைத்துவிட்டது” என்று சொல்ல முடியாது. ஆனால் “தகவலே சொல்லாமல் காணாமல் போனார்” என்று யாரும் எழுத முடியாமல் போகும். பல நிறுவனங்களின் பணி விதிகளில், தொடர்ந்து இத்தனை நாள் தகவல் இல்லாமல் வராவிட்டால் வேலையைத் தானாகவே விட்டுவிட்டதாகக் கருதுவோம் என்று ஒரு விதி இருக்கும். ஒப்புகை நகல் காப்பது முக்கியமாக அந்த இடத்தில்தான். வேலையை விட்டுவிட்டார் என்று சொல்ல, திரும்பி வரும் எண்ணம் இல்லை என்பதைக் காட்ட வேண்டும். திரும்பும் தேதியை எழுதிக் கொடுத்து, அதற்குக் கையெழுத்தும் வாங்கியவரைப் பார்த்து அப்படிச் சொல்வது கடினம்.

1. கையெழுத்து வாங்கத் தகுந்த மாதிரி விண்ணப்பத்தை எழுதுங்கள்

“சொந்த வேலை காரணமாகச் சில நாள் விடுப்பு தேவை” என்று எழுதி அதற்கு ஒப்புகை வாங்கினால், எத்தனை நாளுக்குத் தகவல் சொன்னீர்கள் என்பது கடைசிவரை தெரியாது. அதனால் விடுப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி, மொத்த நாள்கள், திரும்பும் தேதி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். என் விஷயத்தில் இப்படி எழுதியிருக்க வேண்டும்: “மார்ச் 9 முதல் மார்ச் 20 வரை, இடையில் வரும் வார விடுமுறை உட்பட 12 நாள். மார்ச் 21 காலை பணிக்குத் திரும்புவேன்.” வார விடுமுறையைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுதாமல் விட்டால், எண்ணிக்கையில் ஒரு நாள் இரண்டு நாள் இடிக்கும். அந்த இடைவெளி பிறகு “கூடுதலாக எடுத்த நாள்” ஆகிவிடும்.

என்ன வகை விடுப்பு என்பதையும் எழுதுங்கள். உங்கள் கணக்கில் இருக்கும் ஊதிய விடுப்பா, மருத்துவ விடுப்பா, சம்பளமில்லா விடுப்பா என்று எழுதாவிட்டால், அலுவலகம் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளும். விடுப்பில் இருக்கும்போது கடிதம் வந்துசேரக்கூடிய முகவரியும் தொலைபேசி எண்ணும் கீழே இருக்கட்டும். “தகவல் அனுப்பினோம், ஆள் கிடைக்கவில்லை” என்ற பேச்சுக்கு அது இடம் தராது.

மருத்துவச் சான்று போல ஏதாவது இணைத்தால், “இணைப்பு: மருத்துவமனைச் சான்றின் நகல், 1 பக்கம்” என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாத இணைப்பு, கொடுத்த இணைப்பாகக் கணக்கில் வராது. கூடுமானவரை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் முடியுங்கள். இரண்டு பக்கம் ஆனால் “பக்கம் 1/2”, “பக்கம் 2/2” என்று எண் போடுங்கள்.

யாருக்கு என்ற இடத்தில் ஆளின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், பதவியை எழுதுங்கள். ஆள் மாறுவார், பதவி அங்கேயே இருக்கும். எனக்கு நடந்ததைப் பார்த்தீர்களே.

2. ஒரே மாதிரி இரண்டு பிரதி எடுங்கள், இரண்டிலும் பேனாவால் கையெழுத்திடுங்கள்

ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு. கையால் எழுதினால் எழுதி முடித்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அச்சிட்டால் இரண்டு பிரதி அச்சிடுங்கள். இதற்கு ஆகும் செலவு சில தாள்களின் விலைதான்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. கொடுத்த பிறகு நினைவு வந்து, கைபேசியில் இருக்கும் கோப்பைத் திரும்ப அச்சிட்டு “இதுதான் நான் கொடுத்தது” என்று காட்டுவார்கள். அந்தத் தாளில் யாருடைய கையெழுத்தும் இருக்காது. பிரச்சினை வந்த பிறகு தயாரித்தது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். இன்னொன்று, கொடுப்பதற்கு முன் எடுத்த புகைப்படம். நீங்கள் எழுதினீர்கள் என்பதற்கு அது சாட்சி, அவர்கள் வாங்கினார்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது.

கொடுக்கும்போது அவர்கள் பிரதியில் ஏதாவது திருத்தச் சொன்னால், உதாரணமாக 12 நாளை 10 நாளாக மாற்றச் சொன்னால், உங்கள் பிரதியிலும் அதே திருத்தத்தைச் செய்து, இரண்டிலும் திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். இரண்டு பிரதியிலும் வேறு வேறு நாள்கள் இருந்தால் உங்கள் நகலின் மதிப்பு அங்கேயே போய்விடும். திருத்தம் பெரிதாக இருந்தால் இரண்டையும் புதிதாக எழுதிவிடுவது நல்லது.

3. யாரிடம், எப்போது கொடுப்பது

முதலில் உங்கள் நிறுவனத்தில் விடுப்பு விண்ணப்பத்தை வாங்க வேண்டியவர் யார் என்று பணி விதிகளைப் பாருங்கள். மேலாளராக இருக்கலாம், மனிதவளப் பிரிவாக இருக்கலாம். பக்கத்து மேசைக்காரரிடமோ வாசல் காவலரிடமோ கொடுத்து வாங்கிய கையெழுத்துக்கு, “அவருக்கு வாங்க அதிகாரம் இல்லை” என்ற ஒரு பதில் போதும்.

உள்வரும் கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றும் தபால் பிரிவு உங்கள் அலுவலகத்தில் இருந்தால், அங்கே போவதுதான் சிறந்த வழி. அங்கே இருப்பவருக்குச் சீல் வைப்பது அன்றாட வேலை, தயக்கம் இருக்காது. அதைவிட முக்கியம், அவர் தரும் உள்வரும் எண். உங்கள் நகலில் 118 என்று எண் இருந்தால், அதே 118 அவர்களுடைய பதிவேட்டில் 117க்கும் 119க்கும் நடுவே அந்தத் தேதியில் இருக்கும். உங்கள் தாளைப் போலி என்று சொல்ல நினைப்பவர் பதிவேட்டையும் சேர்த்துப் பொய்யாக்க வேண்டியிருக்கும். மேலாளருக்குத் தெரிய வேண்டும் என்றால், தபால் பிரிவில் கொடுத்த பிறகு அவரிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நேரம் பற்றி: விடுப்புக்கு எத்தனை நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தால், அந்தக் கெடுவுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கொடுங்கள். கடைசி நாள் மாலை, ஆட்கள் கிளம்பும் நேரத்தில் போனால், “வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்குப் பார்க்கிறேன்” என்பார்கள். நாளைய தேதி விழுந்தால் நீங்கள் கெடு தாண்டியவர். காலையில் போனால் ஐந்து நிமிட வேலை.

4. கையெழுத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம், அவசரப்படாதீர்கள். உங்கள் பிரதியின் கீழே கொஞ்சம் இடம் விட்டு, முன்கூட்டியே இப்படி எழுதிக்கொண்டு போங்கள்:

“மேற்கண்ட விண்ணப்பத்தின் ஒரு பிரதி, இணைப்புடன் (மொத்தம் __ பக்கம்) பெற்றுக்கொள்ளப்பட்டது.
நாள்: ________ நேரம்: ________
உள்வரும் எண்: ________
கையெழுத்து: ________
பெயர், பதவி: ________
முத்திரை:”

அச்சிட்டு வைத்திருந்தால், வாங்குபவர் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. பாதி மறுப்புகள் யோசனையில்தான் பிறக்கின்றன.

தேதியை நீங்கள் நிரப்பாதீர்கள். வாங்குபவர் கையாலேயே எழுதட்டும். நீங்கள் எழுதிய தேதியின் கீழே அவர் கையெழுத்து மட்டும் இருந்தால், “கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் அவர் அதை விடுப்பு முடிந்து வந்து வாங்கினார்” என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. தேதிச் சீல் இருந்தால் இன்னும் நல்லது. சீலில் தேதி சரியாகத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். நேற்றைய தேதியிலேயே நிற்கும் சீல்கள் நிறைய.

2/3 என்று எழுதினால் மார்ச் 2 என்று ஒருவர் படிப்பார், பிப்ரவரி 3 என்று இன்னொருவர் படிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், ஆண்டும் இருக்கட்டும்.

படிக்க முடியாத ஒரு கிறுக்கல் மட்டும் இருந்தால், ஆறு மாதம் கழித்து அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பெயரும் பதவியும். அவர் எழுதத் தயங்கினால், கையெழுத்துக்குக் கீழே அவர் முன்னிலையிலேயே நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கையெழுத்தே இல்லாமல் சீல் மட்டும் வாங்குவது அவ்வளவு உறுதியில்லை, மேசையில் கிடக்கும் சீலை யாரும் எடுத்துக் குத்தலாம் என்பார்கள்.

விண்ணப்பம் இரண்டு பக்கமாக இருந்தால் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்கி வந்துவிடாதீர்கள். தேதிகள் முதல் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்ற குற்றச்சாட்டு சுலபமாக வரும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சுருக்கொப்பம் கேளுங்கள்.

5. “கையெழுத்துப் போட மாட்டேன்” என்றால்

பெரும்பாலும் இது கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. கையெழுத்துப் போட்டால் விடுப்பை அனுமதித்ததாகிவிடும் என்ற பயம்தான். “சார், அனுமதி கேட்கவில்லை. தாள் உங்கள் கைக்கு வந்தது என்று மட்டும் எழுதுங்கள். அனுமதி பிறகு நீங்கள் முடிவு செய்வதுதான்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். வேண்டுமானால் “பெறப்பட்டது மட்டும், அனுமதி நிலுவையில்” என்று அவரே எழுதட்டும். உங்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். தாளை அங்கே விட்டுவிட்டு வரவும் வேண்டாம். அதே நாளில் இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று, அலுவலக மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புங்கள். மனிதவளப் பிரிவையும் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் நகலில் சேருங்கள். விண்ணப்பத்தின் முழு வாசகத்தையும் மின்னஞ்சலிலேயே தட்டச்சு செய்து, கையெழுத்திட்ட தாளின் படத்தையும் இணையுங்கள். “இன்று காலை 10.40க்கு நேரில் கொடுக்க வந்தேன், பெற்றுக்கொள்ளவில்லை என்பதால் இதை அனுப்புகிறேன்” என்ற ஒரு வரியும் இருக்கட்டும், குற்றம்சாட்டும் தொனி இல்லாமல். அனுப்பியவை பெட்டியில் இருப்பது நீங்கள் அனுப்பியதற்கு மட்டுமே சான்று. படித்துவிட்டார் என்று தெரிவிக்கும் வசதியையும் பெறுபவர் மறுத்துவிடலாம். அதனால் கடைசியில் பதில் தேவைப்படும் ஒரு கேள்வி கேளுங்கள்: “என் பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கட்டும்?” இதற்கு “இன்னாரிடம் கொடுங்கள்” என்று ஒரு வரி வந்தால் போதும், கடிதத்தைப் படித்துவிட்டார் என்பது அவருடைய வார்த்தையிலேயே இருக்கும்.

இரண்டு, பதிவு வசதியும் சேர்ப்பித்ததற்கான சான்றும் கேட்டு விரைவுத் தபால்; இந்தியாவில் பழைய பதிவுத் தபால் 2025இல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது. இதற்குத்தான் கொஞ்சம் பணம் செலவாகும். போய்ச் சேரச் சில நாள் ஆகும், எனவே விடுப்புக்கு முந்தின நாள் அனுப்பிப் பயனில்லை. சேர்ப்பித்ததற்கான அந்தச் சான்று, ஒரு உறை போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் காட்டும், உள்ளே என்ன இருந்தது என்பதைக் காட்டாது. “வெறும் உறைதான் வந்தது” என்று சொல்லாமல் இருக்க, உறையின் மேல் “விடுப்பு விண்ணப்பம், மார்ச் 9 முதல் 20 வரை” என்று எழுதுங்கள். விண்ணப்பத்தின் மேலே “விரைவுத் தபால் மூலம்” என்று குறிப்பிடுங்கள். தபால் ரசீதை அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அந்த வழவழப்பான தாளில் அச்சு வெப்பத்தால் வருவது, சில மாதத்தில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும்.

6. கணினி வழியாக மட்டும் விண்ணப்பிக்கும் இடங்களில்

இங்கே கையெழுத்து கிடையாது, விண்ணப்ப எண்ணும் தேதியும்தான் ஒப்புகை. சமர்ப்பித்த உடனே அந்த எண், நாள், நேரம், கேட்ட தேதிகள் நான்கும் ஒரே திரையில் தெரியும்படி படம் எடுத்து, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கணினியிலேயே வைத்துவிட்டால், தகராறு வரும் நாளில் முதலில் மூடப்படுவது உங்கள் கணக்குதான். “வரைவு” நிலையிலேயே விட்டுவிட்டு சமர்ப்பித்ததாக நினைப்பவர்களும் உண்டு. நிலை என்ன காட்டுகிறது என்று ஒரு முறை பாருங்கள்.

7. நீட்டித்தால் புதிய ஒப்புகை வேண்டும்

பழைய நகல் பழைய தேதிகளுக்கு மட்டும்தான். விடுப்பு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கடிதம் போய்ச் சேர வேண்டும். முதல் விண்ணப்பத்தின் தேதியையும் உள்வரும் எண்ணையும் அதில் குறிப்பிட்டால் இரண்டும் ஒரே சங்கிலியாக நிற்கும். “போனில் சொல்லிவிட்டேன்” என்பது அழைத்ததற்குச் சான்றாகலாம், என்ன பேசினீர்கள் என்பதற்கு ஆகாது.

அதேபோல, அனுமதி வரவில்லை என்றால் கிளம்பும் முன் “என் விண்ணப்பம் எண் 118 குறித்து முடிவைத் தெரிவிக்கவும்” என்று எழுத்தில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். பதில் இல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் விதிகளில் எழுதியிருந்தாலொழிய நீங்களாக அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நகல் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில், மறுக்கப்பட்ட விடுப்பில் போகவும் கூடாது. அங்கே அது உங்களைக் காப்பாற்றாது.

8. மெமோ வந்தால் எப்படிக் காட்டுவது

அசலை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கேட்டால் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், அந்த ஜெராக்ஸைக் கொடுத்ததற்கும் ஒப்புகை வாங்குங்கள். பதில் கடிதத்தில் உணர்ச்சிகளை எழுத வேண்டாம், தேதிகளும் எண்களும் பேசட்டும்.

அடுத்த ஆண்டு அப்பாவுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை வந்தது. ஆகஸ்ட் 3 முதல் 12 வரை 10 நாள் கேட்டு, ஜூலை 24ஆம் தேதி தபால் பிரிவில் கொடுத்து எண்ணோடு நகல் வாங்கினேன். காயம் ஆறத் தாமதமானதால், ஆகஸ்ட் 11 அன்று மருத்துவரின் கடிதத்தை இணைத்து 13 முதல் 18 வரை 6 நாள் நீட்டிப்பு கேட்டு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பினேன். இந்த முறையும் 14ஆம் தேதியிட்ட ஒரு மெமோ வீட்டுக்கு வந்தது, “அனுமதியின்றித் தொடர்ந்து வரவில்லை” என்று. என் பதில் நான்கு வரிதான்: முதல் விண்ணப்பத்தின் தேதியும் எண்ணும், நீட்டிப்பு அனுப்பிய தேதியும் தபால் ரசீது எண்ணும், மருத்துவரின் கடிதம் இணைப்பில், 19ஆம் தேதி காலை பணிக்கு வருகிறேன். மூன்று நகல்களை இணைத்தேன். 19ஆம் தேதி போனபோது மனிதவளப் பிரிவிலிருந்தவர் உள்வரும் பதிவேட்டைத் திறந்து என் எண்ணைத் தேடினார், இருந்தது. அந்த வாரமே மெமோவைத் திரும்பப் பெற்றதாக எழுத்தில் கொடுத்தார்கள். சம்பளத்தில் ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை.